ஐந்து மணிக்குள் ஒரு வாழ்த்து

மணி இரண்டு நாற்பது, முதல் வரி இன்னும் வரவில்லை, வந்த வரிகளெல்லாம் செத்தவர்களுக்கு உரியவை. ஓராண்டு ஓடிவிட்டது என்று தட்டினேன், அழித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் ஓராண்டு, அழித்தேன். கண்மூடியவர்களுக்கு நான் எத்தனை முறை இதை எழுதியிருப்பேன், பதினாறு வருடமாக இந்த நாளிதழின் விளம்பரப் பிரிவில் கண்ணீர் அஞ்சலிக்கும் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கும் வாசகம் அமைப்பவன் நான், ஊரில் ஒருவர் இறந்து ஒரு வருடம் ஆனால் அவர் பிள்ளைகள் படத்தோடு என் மேஜைக்கு வருவார்கள், நீங்களே நல்லா எழுதிடுங்க சார் என்பார்கள், நானும் எழுதிவிடுவேன், அவர்கள் படித்துவிட்டு அழுவார்கள், அது என் திறமை இல்லை, அந்த அச்சில் எந்தப் பெயரை ஊற்றினாலும் அழுகை வரும். இன்று என் திருமணத்துக்கு முதலாம் ஆண்டு. கறாராகப் பார்த்தால் முதல் திருமண நாள் என்பது திருமணம் நடந்த நாள்தான், இன்று வருவது இரண்டாவது, இதை நான் காலையில் மாமியாரிடம் போனில் சொன்னேன், அவர் அதைவிடக் கறாரானவர், நட்சத்திரப்படி பார்த்தா பதினோரு நாளைக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு மாப்பிள்ளை என்றார், முடிஞ்சு போச்சு என்ற சொல் அங்கேயே நின்றது, நான் சரிங்க அத்தை என்று வைத்துவிட்டேன். மங்கையர்க்கரசி ஓசூரில் இருக்கிறாள், என் மனைவி, வயது முப்பத்தாறு, பட்டு வளர்ச்சித் துறையில் உதவி ஆய்வாளர், ஆறு மாத மாற்றுப்பணி என்று மதுரையிலிருந்து போனவள், அடுத்த மாதம் முடிகிறது, முடியாமலும் போகலாம், இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்க விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள், சம்மதக் கடிதம் இன்று மாலை ஐந்துக்குள் தர வேண்டும். போன ஞாயிறு போனில் சொன்னாள், கல்யாண நாளுக்கு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, நீங்களே எழுதணும், சிரிக்க வைக்கணும், கொஞ்சம் கண்ணு கலங்கவும் வைக்கணும், அதைப் படிச்சிட்டு அந்தக் கடிதத்தை என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், அங்கே காற்று அதிகம், போனில் காற்றும் அவள் சிரிப்பும் ஒன்றுபோலவே கேட்கும்.

ஜெசிந்தா எதிர் மேஜையில் நாளைக்கான பக்கத்தை அடுக்கிக்கொண்டிருக்கிறாள், நான் எழுதித் தருவதைக் கட்டம் கட்டுபவள், என்னைவிட இருபது வயது சின்னவள், என்னைத் துளியும் மதிக்காதவள். என்ன சார், மதியத்துலேருந்து போனையே பாத்துட்டிருக்கீங்க, அக்காவுக்கா? ஆமாம் என்றேன். கூகுள்ல போட்டா நூறு வரும் சார், ஒண்ணை எடுத்து அனுப்பிட்டுப் பொழப்பப் பாருங்க. பார்த்தேன், காலையிலேயே பார்த்தேன், நூறு இல்லை, ஒன்றுதான், அதை நூறு விதமாக எழுதியிருக்கிறார்கள், என் உயிரே, என் வாழ்வின் ஒளியே, ஏழேழு ஜென்மம், எந்தப் பெண்ணுக்கும் எந்த ஆணும் அனுப்பலாம், என் அஞ்சலி வாசகங்களைப் போலவே. பொதுவில் செய்ய வேண்டியது காலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது, மங்கையின் அண்ணி எங்கள் கல்யாணப் படங்கள் நான்கை ஒட்டி, இதயங்களைத் தூவி, குடும்பக் குழுவில் போட்டார், இருபத்து மூன்று பேர் வாழ்த்தினார்கள், நான் இருபத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக நன்றி என்று போட்டேன், மங்கை எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கும்பிடு போட்டாள். அந்த நான்கு படத்திலும் நாங்கள் இருவரும் கேமராவைத்தான் பார்க்கிறோம். நானும் ஒரு படம் அனுப்பலாமென்று ஜெசிந்தாவிடம் தாலி கட்டும் படத்தைக் கொடுத்துக் கொஞ்சம் வெட்டித் தரச் சொன்னேன், கை பழக்கத்தில் சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு போட்டுக் கொடுத்தாள், ஐயோ சாரி சார் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன், அப்புறம் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கோடு பொருத்தமாகத்தான் இருந்தது.

அவள் ஓசூர் போய் இறங்கிய முதல் வாரம் நான் ஒரு செய்தி அனுப்பினேன், இதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. நலமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி, வீட்டில் எல்லாம் நலம், குழாய் சரிசெய்தாயிற்று என்றெல்லாம் எழுதி, கடைசியில் சும்மா நிறுத்தினால் வறட்சியாக இருக்கிறதே, கொஞ்சம் கனிவாக ஏதாவது வேண்டுமே என்று யோசித்து, யோசித்தேன் என்று சொல்வதுகூடப் பொய், விரலே போட்டது, பிரிவால் வாடும், அதன் கீழே என் பெயர். எண்ணாயிரம் தடவை நான் அச்சுக்கு அனுப்பிய இரண்டு சொற்கள். அரை மணி கழித்து அவளிடமிருந்து வந்தது, நான் செத்துட்டேனாங்க? அதோடு ஒரு சிரிக்கும் முகம்கூட இல்லை. இரண்டு நாள் பேசவில்லை. நான் விளக்கம் எழுதினேன், அந்தத் தொடர் இழவுக்கு மட்டும் உரியதல்ல, பிரிந்திருக்கும் உயிருள்ளவர்களுக்கும் பொருந்தும் என்று, என் தரப்பில் நியாயம் முழுவதும் இருந்தது, அவள் மூன்றாவது நாள், சரிங்க, சாப்டீங்களா என்றாள், நான் வழக்கை வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அதற்கும் அப்புறம் ஒன்று நடந்தது, அதைவிட மோசம், அதை நான் மோசம் என்று புரிந்துகொள்ளவே மூன்று மாதம் ஆனது. ஒரு மாலை அவள் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள், நாற்பது விநாடி, பேச்சே இல்லை, ஒரு சலசலப்பு மட்டும், கடைசியில் அவள் தணிந்த குரலில், புழு இலை திங்கிற சத்தம், கேளுங்களேன், மழை மாதிரி இல்ல? தட்டுத் தட்டாக அடுக்கிய பட்டுப்புழுக்கள், ஆயிரக்கணக்கில், மல்பெரி இலையை மென்றுகொண்டிருக்கின்றன, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள், நானூறு கிலோமீட்டருக்கு இப்பால் இருக்கும் ஒருவன் கேட்க வேண்டும் என்று. நான் எழுதிய பதில், பதிவு தெளிவாக உள்ளது. இன்னும் இருக்கிறது அது, மேலே தள்ளித் தள்ளிப் போனால் பார்க்கலாம், பதிவு தெளிவாக உள்ளது, முற்றுப்புள்ளி. அதற்குப் பிறகு அவள் எந்தச் சத்தமும் அனுப்பவில்லை.

மூன்று பத்து. என்ன வேண்டும் இந்தச் செய்திக்கு, அதை முறையாகவே யோசிப்போம், முறையாக யோசிப்பது ஒன்றுதான் எனக்கு வரும். கேலி செய்யலாம், ஆனால் அவளை அல்ல, என்னை, அல்லது அவளே தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற ஒன்றை மட்டும், அவள் இடித்த மிளகுத்தூளில் இருக்கும் கல்லைப் பற்றி அவளே சிரிப்பாள், அவள் சம்பளம் என்னுடையதைவிட அதிகம் என்பதைப் பற்றி நாங்கள் இருவருமே சிரிப்பதில்லை. நன்றி சொல்லக் கூடாது, நன்றி சொன்னால் பணிநிறைவு விழா ஆகிவிடும். ஆண்டு முழுவதையும் சொல்லப் பார்க்கக் கூடாது, ஒரே ஒரு நாள் போதும், ஒரே ஒரு சமாச்சாரம், உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது, மற்றவர் படித்தால் இதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். கனிவு முன்னால் வரக் கூடாது, முதலில் சிரிப்பு, ஆள் சிரித்து அசந்திருக்கும்போது பின்னால் மெல்ல வர வேண்டும், வந்த உடனே நிறுத்திவிட வேண்டும். இவ்வளவும் தெரிகிறது. நீச்சலைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான். ஒரு வரி தட்டினேன், மங்கையர்க்கரசி என்று முழுப்பெயரும் எழுதினால் உன் பெயரே ஒரு வரி ஆகிவிடுகிறது, அழித்தேன், இது யாரும் சொல்வது. இன்னொன்று, நீ போன பிறகு வீடு வெறிச்சென்று, அழித்தேன், நீ போன பிறகு என்று தொடங்கும் எதுவும் என் மேஜையிலிருந்து வந்ததுதான். ஏழு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். சாப்பிடும்போது நான் படித்துக்கொண்டிருப்பேன், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள், ஒருநாள், அந்தப் புத்தகத்துல என்னதாங்க இருக்கு, எனக்கும் சொல்லுங்க என்றாள், நான் பதினைந்து நிமிடம் சொன்னேன், நூலின் பதிப்பு வரலாற்றோடு, அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோதும் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன், குழாய்ச் சத்தத்தில் கடைசிப் பகுதி அவளுக்குக் கேட்டிருக்காது. மாற்றுப்பணி வந்தபோது போகட்டுமா என்று கேட்டாள். உன் பணி சார்ந்த முடிவு, நீதான் எடுக்க வேண்டும் என்றேன், நான் நாகரிகமானவன் என்ற பெருமை வேறு. அவள் கதவருகில் நின்று என்னைப் பார்த்த பார்வையை இப்போது ஐந்து மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சார், ஒரு விளம்பரம் குடுக்கணும் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார், அறுபத்தைந்து இருக்கும், அழகுமலை என்று பெயர் சொன்னார், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பேசும்போதே கை காற்றில் டிக்கெட் கிழிக்கிறது. மனைவி ராஜம்மாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை முதலாம் ஆண்டு. படம் கொண்டுவந்திருந்தார், ஏதோ கல்யாண வீட்டில் எடுத்தது, அந்த அம்மாள் வாயில் எதையோ மென்றுகொண்டிருக்கிறார். நல்ல படம் வேற இல்லீங்களா என்றேன். இருக்கு சார், ஆதார்ல இருக்கு, அதுல அவ அவளாட்டமே இல்ல, இதுல லட்டு தின்னுட்டிருக்கா, இதுதான் அவ. சரி என்று வாசகத்தை எழுதிப் படித்துக் காட்டினேன், அன்பின் உருவே, பண்பின் இருப்பிடமே, எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்தி. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், கேட்டுவிட்டு, எல்லாம் நல்லாருக்கு சார், கடைசியில நான் சொல்ற ஒரு வரி மட்டும் சேருங்க என்றார். சொல்லுங்க. ராஜம், டிவி ரிமோட்டை எங்கடி வச்சே? நான் பேனாவை எடுத்தேன், வைத்தேன். அதெல்லாம் போடறது வழக்கமில்லீங்க. ஏன் சார், நெசமாத்தான், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்ப எங்கயோ எடுத்து வச்சிட்டுப் போனா, நான் தொலைச்சிருவேன்னு, ஒரு வருசமா வீட்டையே புரட்டிட்டேன், புதுசு வாங்கித் தர்றேங்கறான் மகன், வேணாம்டான்னுட்டேன். வாங்கினா என்னங்க? வாங்கினா தேட வேண்டாமே சார். சொல்லிவிட்டு அவர் ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தார், ஜெசிந்தா மானிட்டருக்குப் பின்னால் முகத்தைக் கொண்டுபோனாள். அஞ்சலிக்கு ஒரு கண்ணியம் உண்டுங்க என்று நான்தான் சொன்னேன், என் வாய்தான். அவர் படத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார், சரி சார், உங்க முறைப்படியே பிரிவால் வாடும்னு போட்டுருங்க, அவ படிச்சா யாருக்கோன்னு நெனச்சுப் பக்கத்தைத் திருப்பிருவா என்று எழுந்தார். படியிறங்கும் சத்தம் கேட்டது. செத்து ஒரு வருடமானவளுக்கு என் மனைவியைவிட நல்ல செய்தி கிடைக்க இருந்தது, அதை நான் தடுத்துவிட்டேன். தாளை எடுத்து, ஆறாத் துயரையும் பண்பின் இருப்பிடத்தையும் அடித்தேன், ரிமோட் வரியை மட்டும் எழுதி ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். சார், ரிமோட்டுனு இருக்கு. இருக்கட்டும். மேலிடத்துல கேட்பாங்க சார். கேட்கட்டும், என்றேன், வீரமாகத்தான் இருந்தது, ஆனால் இந்த வீரம் எல்லாம் அடுத்தவன் பெண்டாட்டிக்கு.

மூன்று ஐம்பது. போன் மினுங்கியது, மங்கை. முக்கா மணி நேரமா தட்டச்சு செய்கிறார், தட்டச்சு செய்கிறார்னு வருது, அப்புறம் நின்னுடுது, என்னங்க, காவியமா? நான் அழித்ததையெல்லாம், சொற்களை அல்ல, அழித்த செயலை, அவள் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், வரிக்கு வரி, ஒரு மனிதன் தடுமாறுவதை. தடுமாற்றத்தைப் பார்த்தாள் என்றால் காத்திருந்தாள் என்று பொருள், காத்திருந்தாள் என்றால், வேண்டாம், அங்கே போகாதே. போனைக் கவிழ்த்துவிட்டு அச்சுத்தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டுப் பேனாவால் எழுதினேன். எதை எழுத? கல்யாணமான பத்தாம் நாள் அவள் குளிக்கப் போகும்போது சொன்னாள், குக்கர் மூணு விசில் வந்தா அணைச்சிடுங்க. நான் அடுப்படியில் நின்றேன், முதல் விசில் முழுதாக வந்தது, இரண்டாவது பாதியில் நின்று பெருமூச்சு விட்டு அடங்கியது, இது ஒன்றா, அரையா, எண்ணலாமா கூடாதா, நான் போய்க் குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டேன், மங்கை, அரை விசிலைச் சேர்த்துக்கொள்வதா? உள்ளே அவள் சிரித்தாள் பாருங்கள், தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி, சுவரில் மோதி மோதி, சிரித்து முடிப்பதற்குள் பருப்பு தீய்ந்துவிட்டது. தீய்ந்த பருப்பையே ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம். அவள் அப்படிச் சிரித்தது அந்த ஒருமுறைதான், அடுத்த முறை நான் இன்னும் அறிவோடு நடந்துகொண்டேன். சரி, இன்று காலை நடந்ததையும் எழுதலாமா, அது யாருக்கும் தெரியாது, தெரிந்தால் வெட்கம், எழுது, வெட்கப்படாமல் எழுதியதெல்லாம் இந்தக் குப்பைக்கூடையில் இருக்கிறது. எழுதினேன். அடிக்காமல் ஒரே மூச்சில் வந்தது, வந்ததைப் பார்த்துப் போனில் தட்டினேன், அனுப்பும் அம்புக்குறியைத் தொடும்போது மணி நான்கு பதினைந்து:

மங்கை, இன்று விசேஷம் என்று காலையில் பருப்பு வைத்தேன். முதல் விசில் முழுசு. இரண்டாவது வழக்கம்போல் பாதியில் பெருமூச்சு விட்டுவிட்டது. போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன். தட்டிய பிறகுதான் உள்ளே ஆள் இல்லை என்று நினைவு வந்தது. இருந்தும் ஒரு நிமிடம் பதிலுக்கு நின்றேன், மரியாதைக்காக. பருப்பு தீய்ந்தது. ஒரு வருடம் குடித்தனம் நடத்தியும் அரை விசிலைச் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே நிபுணர் இப்போது ஓசூரில் புழுக்களுக்கு இலை போடுகிறார். அந்த நாற்பது விநாடியைத் தினமும் கேட்கிறேன். மழை மாதிரிதான் இருக்கிறது, மங்கை. அன்றே சொல்லியிருக்க வேண்டும். வந்துவிடு.

இரண்டு குறி விழுந்தது. நீலமானது. நான் இவ்வளவு உற்று எந்த நூலையும் படித்ததில்லை, அந்த இரண்டு சின்னக் குறிகளைப் படித்த மாதிரி. வந்துவிடு என்று ஏன் முடித்தேன், கனிவு வந்த உடனே நிறுத்த வேண்டும் என்று நானே விதி வகுத்தேனே, கெஞ்சல் ஒரு சொல் அதிகமாகிவிட்டதோ, அழித்துவிடலாமா, அழித்தால் இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு கல்லறை எழும்பும், அதற்கு இதுவே மேல். அவள் தட்டுகிறாள். நிறுத்துகிறாள். தட்டுகிறாள். இப்போது தெரிகிறது மறுமுனையில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று. வந்தது, சிரிச்சிட்டேன், ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. உடம்பில் எங்கோ ஒரு கட்டு அவிழ்ந்தது. அடுத்தது, நெசமாவே கதவைத் தட்டினீங்களா? ஆமாம் என்றேன். ஒரு நிமிடமா நின்னீங்க? கொஞ்சம் கூடவே இருக்கும் என்றேன். அப்புறம் ஒன்றுமில்லை, நான்கு இருபத்தைந்து, நான்கு முப்பது, ஜெசிந்தா டீ வேண்டுமா என்கிறாள், தலையசைத்தேனா தெரியவில்லை, நான்கு முப்பத்திரண்டுக்கு வந்தது, கண்ணு கலங்கிடுச்சுங்க, நீங்க கேட்டதுதான் நடந்துச்சு. நான் கேட்டதா, அவள் அல்லவா கேட்டாள். அடுத்த செய்தி அதன் மேலேயே விழுந்தது, கடிதத்தை நான் காலையில பதினோரு மணிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். ரெண்டு வருஷம். அதற்குக் கீழே தனியாக, நீங்க எழுதுவீங்கன்னு நான் நினைக்கல.

படித்தேன். இதில் புரியாத சொல் ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்கு நான் இருபத்து மூன்று பேருக்கு நன்றி சொல்லி முடித்து, கூகுளில் என் உயிரேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலையில் எழுந்ததும் போனைப் பார்த்திருப்பாள், எட்டுக்கு, ஒன்பதுக்கு, பத்துக்குப் பார்த்திருப்பாள், எந்த மனைவியும் கல்யாண நாள் வாழ்த்தை மாலை ஐந்துக்குள் என்று எதிர்பார்க்க மாட்டாள், கண் விழித்ததும் எதிர்பார்ப்பாள், இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், நான் கெடு என்று ஒன்று சொல்லப்பட்டால் கெடுவுக்கு வேலை செய்பவன், பக்கம் மூடும் நேரத்துக்கு வாசகம் கொடுப்பவன். அவள் ஐந்து மணி என்று சொன்னது கடிதத்துக்கு, எனக்கு அல்ல. திரும்ப வாங்க முடியாதா என்று தட்டினேன், இன்னும் அரை மணி இருக்கிறதே என்று சேர்த்தேன், அரை மணியை அழித்தேன், முதல் பகுதியை மட்டும் அனுப்பினேன். மெயில்ல ஹெட் ஆபீஸுக்குப் போயாச்சுங்க என்றாள். கோபமே இல்லை, கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியிருக்கலாம். ஜெசிந்தா டீயை வைத்துவிட்டு, அக்கா என்ன சொன்னாங்க சார் என்றாள், பிடித்திருக்கிறதாம் என்றேன், பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல என்றாள், அவள் சொன்னது வேறு. டீயில் ஏடு கட்டுகிறது. செய்தி தன் வேலையைச் செய்திருக்கிறது, சிரிப்பு வந்தது, கண் கலங்கியது, கேட்டது கேட்டபடி, ஒரு செய்தியால் ஆகக்கூடியது அவ்வளவுதான் போலிருக்கிறது, படிக்கிற நேரம் வரைக்கும். நான்கு ஐம்பத்தெட்டுக்குப் போன் இன்னொருமுறை அதிர்ந்தது. அடுத்த வருஷமும் எழுதுங்க, என்று இருந்தது, அதோடு எதுவும் இல்லை, முகமும் இல்லை, இதயமும் இல்லை. அடுத்த வருஷம் நாம் இருப்போம் என்கிறாளா, அடுத்த வருஷமும் நீ அங்கே நான் இங்கே என்கிறாளா, இல்லை, நன்றாக எழுதிய ஒருவருக்கு யாரும் சொல்கிற ஒரு நல்ல வார்த்தையா. கேட்டுவிடலாம், அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று தெரிகிறது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அதனால் கேட்கவில்லை.